1 ஜிபி ரேம் போனில் படிவம் நிரப்ப எது தாங்கும்: குரோமா, வியாவா, ஓபரா மினியா?

பழைய போனுக்கு லேசான பிரவுசர் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது பிளே ஸ்டோரில் அது எத்தனை எம்பி என்பதைத்தான். அந்த எண் போனில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதற்கானது. ஓடும்போது எவ்வளவு ரேம் தின்னும் என்பதற்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயம்: பாதி நிரப்பிய படிவத்தை விட்டுவிட்டு ஓடிபி பார்க்கப் போய்த் திரும்பினால், பக்கம் அப்படியே இருக்கிறதா?

இந்தப் புத்தி எனக்கு அடிபட்டுத்தான் வந்தது. நான்கு பக்க விண்ணப்பம் ஒன்றை அரை மணி நேரம் தட்டித் தட்டி நிரப்பினேன். ஓடிபி வந்தது, மெசேஜ் ஆப்பைத் திறந்தேன், ஆறு இலக்கத்தையும் வாயில் முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன். வெள்ளைத் திரை, மேலே ஒரு கோடு மெதுவாக நகர்கிறது, பக்கம் முதலிலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. என் பெயர்கூட மிச்சமில்லை.

நடந்தது இதுதான். பெட்டியில் 1 ஜிபி என்று போட்டிருந்தாலும், ஒரு பகுதியைக் கெர்னலும் மோடமும் கிராபிக்ஸும் முதலிலேயே எடுத்துக்கொள்ளும், அப்புறம் ஆண்ட்ராய்டு தன் பங்கை எடுக்கும். மீதியில் ஒரு பிரவுசரும் இன்னொரு ஆப்பும் சேர்ந்து இருக்கத் திணறும். இடம் போதாவிட்டால் பின்னணிக்குப் போன ஆப்களை ஆண்ட்ராய்டு கொன்று ரேமை மீட்கும். பிரவுசர் பெரிய உடம்பு, அதனால் சீக்கிரம் மாட்டும். சாகும் முன் அது பத்திரப்படுத்தி வைத்திருப்பது முக்கியமாகப் பக்கத்தின் முகவரியைத்தான். எளிய பக்கமென்றால் பெட்டிகளில் எழுதியது சில சமயம் திரும்பி வரும், ஜாவாஸ்கிரிப்டால் கட்டிய படிவம் என்றால் பெரும்பாலும் போனது போனதுதான்.

முதலில் குரோம். இது ஒரே ஆளாக ஓடுவதில்லை. முதன்மைப் பிராசஸ் ஒன்று, பக்கத்தை வரையும் பிராசஸ் தனியாக, கிராபிக்ஸுக்கு இன்னொன்று. பாதுகாப்புக்கு நல்ல ஏற்பாடு, ஆனால் 1 ஜிபி போனுக்குப் பாரம். முதன்மைப் பிராசஸ் உயிரோடிருக்க, பக்கத்தை வைத்திருந்தது மட்டும் செத்துப்போவதும் உண்டு. பார்க்கிற நமக்கு இரண்டும் ஒன்றுதான், பக்கம் மறுபடி ஏறும். டேட்டாவை மிச்சப்படுத்த இதில் லைட் மோட் என்று ஒன்று இருந்தது, அதையும் 2022-இல் எடுத்துவிட்டார்கள். சேமித்த பாஸ்வேர்டுகள், மற்ற சாதனங்களோடு சிங்க் எல்லாம் இதில்தான் இருக்கிறது என்பவர்கள் வேண்டுமானால் இதிலேயே இருக்கலாம்.

வியா ஆள் ரொம்பச் சின்னது. சில எம்பியில் ஒரு பிரவுசரா என்று முதலில் நம்பமாட்டீர்கள். ரகசியம் என்னவென்றால், பக்கத்தை வரையும் எஞ்சின் அதனிடம் கிடையாது, ஆண்ட்ராய்டில் ஏற்கெனவே இருக்கும் வெப்வியூவைக் கடன் வாங்குகிறது. வெப்வியூவும் குரோமும் குரோமியம் என்ற ஒரே மூலத்திலிருந்து வந்தவை, ஆகவே ஒரே பக்கத்துக்கு எஞ்சின் செலவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியென்றால் எங்கே லாபம்? செய்திப் பட்டியல், சிங்க் போன்ற கூடுதல் சுமை இல்லை. அதைவிட முக்கியம், விளம்பரத் தடுப்பு உள்ளேயே இருக்கிறது. படிவப் பக்கத்தோடு வரும் விளம்பரமும் கண்காணிப்பு ஸ்கிரிப்டும் ஏறாவிட்டால் பக்கத்தின் எடையே குறைகிறது, உயிர் தங்க வாய்ப்பு கூடுகிறது. படங்களையும் நிறுத்தலாம், ஆனால் கேப்ட்சா வரும் பக்கத்தில் மறக்காமல் திரும்பப் போடுங்கள், இல்லாவிட்டால் வெறும் கட்டத்தைப் பார்த்து முழிப்பீர்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஆண்ட்ராய்டு 7, 8, 9 ஓடும் பல போன்களில் குரோம்தான் வெப்வியூ வேலையையும் பார்க்கிறது. ‘வியா போட்டாச்சு, இனி குரோம் எதற்கு’ என்று அதை முடக்கினால், போனோடு வந்த தனி வெப்வியூ அந்த இடத்துக்கு வரும். அது வருஷக்கணக்காக அப்டேட் ஆகாமல் கிடந்தால் புதிய பக்கங்கள் கோணல்மாணலாகத் தெரியும், சில பட்டன்கள் வேலையே செய்யாது. வியாவைக் குறை சொல்வதற்கு முன் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் வெப்வியூ இம்ப்ளிமென்டேஷன் என்ற இடத்தில் எந்தப் பதிப்பு எண் இருக்கிறது என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 7-க்குக் குரோம் 119-உடன் நின்றுவிட்டது, அங்கே அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ஓபரா மினி வேறு ஜாதி. அதன் எக்ஸ்ட்ரீம் மோடில் பக்கத்தைத் திறப்பது உங்கள் போன் இல்லை, ஓபராவின் சர்வர். அங்கே வரைந்து சுருக்கி, கையடக்கமாக அனுப்புகிறார்கள். படிக்க மட்டும் என்றால் இந்த மூன்றில் இதற்கு ஈடு இல்லை, நெட் இழுக்கிற இடத்திலும் ஓடும். ஆனால் ஜாவாஸ்கிரிப்டும் சர்வரில்தான் ஓடுகிறது, ஒரு பெட்டியில் தேர்ந்தெடுத்தால் அடுத்த பெட்டி மாறும் வகைப் படிவங்கள் இதில் தடுமாறும். இன்னொன்று, நீங்கள் தட்டுவது அந்த சர்வர் வழியாகப் போகிறது, அங்கே அதன் குறியாக்கம் அவிழ்க்கப்படுகிறது. வங்கிப் பக்கமும் பாஸ்வேர்டும் இந்த மோடில் வேண்டாம். மோடை மாற்றினால் அதுவும் போனிலேயே பக்கத்தை வரைய ஆரம்பிக்கும், பிறகு வியாவை விட்டு இதற்கு வர ஒரு காரணமும் இல்லை. பயர்பாக்ஸ் போகஸ் பற்றியும் கேட்பார்கள். பெயரில்தான் லேசு, எஞ்சினைத் தானே சுமந்து வருகிறது.

என் பேச்சை நம்பவேண்டாம், உங்கள் போனிலேயே பார்க்கலாம். யுஎஸ்பி டிபக்கிங்கைப் போட்டு, adb கருவி உள்ள கணினியில் இணைத்து, படிவப் பக்கம் திறந்திருக்கும்போது இதை ஓட்டுங்கள் (ஆண்ட்ராய்டு 8 முதல்):

```
adb shell "ps -A | grep -E 'chrome|mark.via|webview'"
```

ஒவ்வொரு வரியிலும் இரண்டாவதாக வரும் எண்தான் பிராசஸ் எண். குறித்துக்கொண்டு, மெசேஜ் ஆப்புக்குப் போய்த் திரும்பி மறுபடி ஓட்டுங்கள். எண் மாறியிருந்தால் செத்துப் பிறந்திருக்கிறது. குரோமில் sandboxed என்று வரும் வரிகளை மட்டும் தனியாகக் கவனியுங்கள், முதன்மை எண் மாறாமல் அவை மாறியிருக்கலாம். வியாவுக்கு webview வரி தனியாக வராவிட்டால், அது வியாவின் பிராசஸுக்குள்ளேயே ஓடலாம். குரோமே வெப்வியூவாக இருக்கும் போனில் அந்த வரி chrome பெயரிலும் வரலாம்.

சரி, எதை எடுத்தாலும் ஒரு பழக்கம் எல்லாவற்றையும் மிஞ்சும்: ஓடிபி வந்தால் மெசேஜ் ஆப்பைத் திறக்காதீர்கள். மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்து எண்ணைப் படித்துவிட்டு மேலே தள்ளிவிடுங்கள். அது இறங்கியிருக்கும்போதும் பிரவுசர் முன்னணியில்தான் இருக்கிறது, யாரும் அதைக் கொல்லப்போவதில்லை.

புகைப்படம் ஏற்றும் இடம்தான் இதைவிட மோசம். படிவத்தில் ‘கோப்பைத் தேர்ந்தெடு’ அழுத்தி அங்கேயே கேமராவைத் திறந்தால், கேமரா ஒரே மூச்சில் ரேமை விழுங்கும், படம் எடுத்துத் திரும்பும்போது படத்தை வாங்கிக்கொள்ள பிரவுசரே இருக்காது. இதில் வியாவும் தப்பாது. படங்களை முதலிலேயே எடுத்துவைத்து, கேமராவை ரீசன்ட்ஸிலிருந்து தள்ளிவிட்டு, அதன் பிறகு படிவத்தைத் திறக்கிறேன். உள்ளே வந்தபின் கேலரியைக்கூடத் தொடுவதில்லை, ஆண்ட்ராய்டோடு வரும் கோப்புத் தேர்வியில் பெயரைப் பார்த்து எடுத்துக்கொள்கிறேன்.