கறுப்புத் தலையா, கனடாப் பெட்டியா?

மச்சாளுக்குப் பழைய தையல் மெஷின் ஒன்று தேவைப்பட்டது. பிளவுஸ், பள்ளிக்கூடச் சட்டை, இடைக்கிடை திரைச்சீலை என்று வீட்டிலிருந்தே தைப்பவர். யாழ்ப்பாணத்து விளம்பரங்கள் இரண்டைக் கொண்டுவந்து காட்டினார். கொக்குவில் விளம்பரத்தில் "பழைய சிங்கர், மோட்டர் பூட்டியது, ஓடும்" என்று மட்டும் இருந்தது. திருநெல்வேலிக்காரர் "கனடா மெஷின், சிக்சாக், 20 வகைத் தையல், பெட்டியுடன், புதியது போல" என்று எழுதியிருந்தார். விலை ஏறக்குறைய ஒன்றுதான். மச்சாளின் மனம் கனடாவில் நின்றது.

"பழைய சிங்கர்" என்பதில் ஒரு விவரமும் இல்லை. அந்தப் பெயர் இலங்கைக்கு வந்தது 1877இல்; அப்படியென்றால் எந்தக் காலத்துச் சிங்கர்? நேரில் போய்ப் பார்த்தோம். 15ஆம் வகைக் கறுப்புத் தலை, நேர்த்தையல் மட்டும். மரமேசையும் இரும்பு மிதியும் அப்படியே இருந்தன. மோட்டரைப் பின்னர் பக்கத்தில் பூட்டி, சிறிய பெல்ட்டால் கைச்சில்லோடு இணைத்திருந்தார்கள். விற்பவர் மிதியைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. 1990களில் மின்சாரமே இல்லாமல் மிதித்துத் தைத்த ஊரில் இதை எப்படி மறந்தார் என்று எனக்குப் புரியவில்லை. மோட்டர் போனாலும் தோல் பட்டியை மாட்டி வேலையைத் தொடரலாம். அதுவே அந்த மெஷினின் பாதி மதிப்பு.

கைச்சில்லு இறுக்கமாகச் சுற்றியது. மச்சாள் முகம் சுளித்தார். நான் எண்ணெய்த் துளைகளைப் பார்த்தேன்: மஞ்சள் பிசின். யாரோ தேங்காயெண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது காய்ந்து ஒட்டிப் போயிருக்கிறது. உலோகம் தேய்ந்திருந்தால் சில்லு இறுகாது, ஆடும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, துளைகளில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, கையால் கொஞ்ச நேரம் சுற்றியதும் இளகியது. பிறகு மெஷின் எண்ணெய் விட்டோம். தைத்துப் பார்த்தபோது துணியின் அடிப்பக்கத்தில் நூல் வளையங்கள் விழுந்தன. பலரும் உடனே பொபின் கேஸைக் குறை சொல்வார்கள். அடியில் வளையம் விழுந்தால் பார்க்க வேண்டியது மேல்நூல். பாதத்தைத் தூக்கிவிட்டு நூலை மறுபடி கோத்ததும், நான்காக மடித்த ஜீன்ஸ் துணியிலும் தையல் சரியாக விழுந்தது. மோட்டரின் கரித்துண்டில் சிறிய பொறி தெரிந்தது. அது வழமை, நீல வளையமாகச் சுற்றி எரிந்து மணம் வந்தால்தான் கவலை.

இனிக் கனடாப் பெட்டி. பார்வைக்கு அழகு, பாதங்கள் ஐந்து, பொபின்கள் எட்டு. மெஷினைச் சரித்துத் தகட்டைப் பார்த்தேன்: 120 வோல்ற்று, 60 ஹேர்ட்ஸ், 0.8 அம்பியர். எங்கள் சுவரில் வருவது 230. நேரே செருகினால் மோட்டரும் உள்விளக்கும் கருகும். 120ஐ 0.8ஆல் பெருக்கினால் 96 வாற்று. ஆகவே 200 வாற்று இறக்கு மின்மாற்றி ஒன்று தாராளமாகப் போதும். ஹேர்ட்ஸ் வித்தியாசம் இவ்வகைக் கரித்துண்டு மோட்டருக்குப் பொருட்டல்ல. "அண்ணை, மின்மாற்றி எங்கே?" என்று கேட்டதற்கு, அது மகளின் வீட்டில் இருக்கிறது என்றார். இங்கிலாந்திலிருந்து வந்த மெஷினாக இருந்தால் பிளக்கை மாற்றுவதோடு வேலை முடிந்திருக்கும்.

மின்மாற்றி மறுநாள் வந்தது. நேர்த்தையல் அழகாக ஓடியது. சிக்சாக்கை முழு அகலத்துக்குத் திருப்பியதும், ஊசி இடப்பக்கம் போகும்போது மட்டும் தையல் தவறியது. புது ஊசி போட்டோம், அப்படியே தவறியது. ஊசியில் குறை இல்லையென்றால், ஊசி இறங்கும் நேரத்துக்கும் கொக்கி நூலைப் பிடிக்கும் நேரத்துக்கும் இடையில் பிசகு. கொக்கியை விரலால் பிடித்துக்கொண்டு கைச்சில்லை மெல்ல அசைத்தால், சில்லு தளர்வாக ஆடியது. அடிமூடியைக் கழற்றியபோது பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் மயிரிழை வெடிப்பு. வெறும் நேரப் பிசகு என்றால் மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் திருத்துவார். வெடித்த பல்சக்கரத்துக்கு அதே மாதிரியின் உதிரிப்பாகம் வேண்டும். அது இங்கே கிடைக்குமா என்று கேட்டுத் திரிய நாங்கள் தயாராக இல்லை.

கனடா மெஷினை விற்க வந்தவர் பொய் சொல்லவில்லை. நேர்த்தையலைத் தவிர வேறெதையும் அவர் போட்டுப் பார்த்ததில்லை. விளம்பரத்தை இப்படித் திருத்தி எழுதிக் கொடுத்தேன்:

"சிக்சாக் மெஷின், உள்மோட்டர், 120 வோல்ற்று, மின்மாற்றியுடன். பாதங்கள் 5, பொபின்கள் 8. நேர்த்தையல் நன்று. அகலச் சிக்சாக்கில் இடப்பக்கம் தவறுகிறது. கொக்கிப் பல்சக்கரத்தில் வெடிப்பு."

விலையையும் குறைத்துப் போட்டார்.

மச்சாள் கறுப்புத் தலையை வாங்கினார். அதனோடு வந்தது ஒரு பாதமும் இரண்டு பொபினும் மட்டுமே. சிப் பாதம் தனியாக வாங்க வேண்டியிருந்தது. ஓரம் பிரியாமல் இருக்க பிளவுஸுக்கு மடித்துத் தைக்கிறார். பள்ளிச் சட்டைகளை ஓவர்லொக் மெஷின் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுக்கிறார்.