லிஸ்டிங் ஸ்கோர் ஷீட்: ஒன்று முதல் ஐந்தா, ஆம்/இல்லையா?

ஆன்லைன் கடைக்குப் பொருள் ஏற்றுகிறவர்கள் லிஸ்டிங்குகளுக்கு மார்க் போட ஷீட் தயாரிக்கும்போது இரண்டு வழிகள் முன்னால் நிற்கும். ஒன்று, தலைப்பு, படம், அட்ரிப்யூட், விவரம் என்ற நான்குக்கும் ஒருவர் பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை மார்க் கொடுப்பது. மற்றொன்று, நான்கையும் சின்னச் சின்ன ஆம்/இல்லை கேள்விகளாக உடைத்து, கூட்டலை ஃபார்முலாவிடம் விடுவது. நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன், இப்போதும் அதன் பக்கம்தான்.

முதல் வழி ஒரே நாளில் தயாராகிவிடும். முப்பது, நாற்பது லிஸ்டிங்தான், பார்ப்பவரும் ஒருவர்தான் என்றால் அதுவே போதும். படம் மங்கலா, விவரம் படிக்கிற மாதிரி இருக்கிறதா என்பதெல்லாம் கண்ணுக்குத்தான் தெரியும். ஆனால் இரண்டு பேர் மார்க் போட ஆரம்பித்தால், ஒருவரின் மூன்று இன்னொருவருக்கு நான்கு.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். லிஸ்டிங் ஒரு நாள் ஏற்றியதோடு நிற்பதில்லை. தலைப்பை மாற்றுவார்கள், புதிய அட்ரிப்யூட் கட்டாயமாகும். ஒன்று முதல் ஐந்து முறையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஆள் உட்கார்ந்து மறுபடி பார்க்க வேண்டும். அப்புறம், "இதற்கு ஏன் மூன்று?" என்று கேட்டால் ஷீட்டில் பதில் இருக்காது. ஆம்/இல்லை முறையில் "இல்லை" என்ற செல்லே அடுத்து செய்ய வேண்டிய வேலை. தலைப்பின் நீள வரம்பை (கூகுள் மெர்ச்சன்ட் சென்டரில் 150 எழுத்து) ஒரே செல்லில் வைத்து எல்லா வரிகளும் அதையே பார்க்கும்படி செய்தால், வரம்பு மாறும்போது அந்த ஒரு செல்லைத் திருத்தினால் போதும்.

ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில் லிஸ்டிங்கை எடுத்துக்கொள்வோம். தலைப்புக்கு 20, படத்துக்கு 30, அட்ரிப்யூட்டுக்கு 30, விவரத்துக்கு 20, மொத்தம் 100. தலைப்பில் பிராண்ட், பொருள் வகை, கொள்ளளவு, நீளம் என்று நான்கு கேள்விகள். கொள்ளளவு மட்டும் விட்டுப்போயிருக்கிறது, 15. படத்தில் வெள்ளைப் பின்னணி, போதிய அளவு, பக்கவாட்டுக் கோணம், அளவு காட்டும் படம், பயன்பாட்டுப் படம் என ஐந்து. மூன்று இருக்கிறது, 18. விவரத்தில் நான்கில் மூன்று, 15.

அட்ரிப்யூட்டில்தான் சிக்கல் வரும். தேவையான பத்தில் எட்டு செல்கள் நிரம்பியிருக்கின்றன, ஆனால் இரண்டில் "NA" என்று அடித்து வைத்திருக்கிறார்கள். காலியில்லாத செல்களை எண்ணும் COUNTA போட்டால் எட்டும் கணக்கில் வந்து 24 கிடைக்கும், மொத்தம் 72. உண்மையில் ஆறுதான், 18. அப்படிப் பார்த்தால் மொத்தம் 66. தேர்ச்சி 70 என்று வைத்திருந்தால் இந்த லிஸ்டிங் சத்தமில்லாமல் தப்பித்துவிடும். இன்னொரு தொல்லை, ஃபார்முலா "" என்று திருப்பிய வெற்று செல்லையும் COUNTA எண்ணிவிடும். அதனால் நான் இப்படி எழுதுகிறேன்:

```
=SUMPRODUCT((LEN(TRIM(E2:N2))>0)*(TRIM(E2:N2)<>"NA")*(TRIM(E2:N2)<>"-"))/10*30
```

இதில் வகுக்கும் எண்ணான 10, பாட்டில் வகைக்கு மட்டும். சட்டைக்குக் கொள்ளளவு தேவையில்லை, சைஸ் தேவை. எல்லாப் பொருளுக்கும் ஒரே பட்டியலை வைத்தால், தேவையே இல்லாத செல் காலியாக இருப்பதற்கு மார்க் குறையும், மார்க்குக்காக ஆட்கள் "NA" அடிக்கத் தொடங்குவார்கள். வகைக்கு ஒரு தாள், அதில் அந்த வகைக்குத் தேவையான அட்ரிப்யூட்டுகள் மட்டும் என்று பிரித்துவிடுவது நல்லது.

மொத்த மார்க்கும் சில நேரம் ஏமாற்றும். முதன்மைப் படமே இல்லாத லிஸ்டிங் மற்றதெல்லாம் சரியாக இருந்தால் 90-ஐத் தாண்டிவிடலாம். அதனால் முதன்மைப் படம், பொருள் வகை போன்ற சிலவற்றைத் தடைக் கேள்விகளாக வைத்து, அவற்றில் ஒன்று "இல்லை" என்றாலும் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் 40-க்கு மேல் போகாதபடி MIN போட்டுவிடுகிறேன். 40 என்பது நானாக வைத்த எண். தேர்ச்சி மார்க்குக்கு நன்றாகக் கீழே இருந்தால் போதும்.

இந்த முறைக்கும் ஒரு குறை உண்டு. படம் இருக்கிறதா என்று கேட்கலாம், நன்றாக இருக்கிறதா என்று ஃபார்முலாவால் சொல்ல முடியாது. அதற்கு ஒரே ஒரு நெடுவரிசையை மனிதருக்கு விட்டிருக்கிறேன், அதுவும் ஆம்/இல்லைதான்: "இந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தும் விளிம்பும் தெளிவாகத் தெரிகிறதா?" நிறம், சைஸ் என்று ஒரே பொருள் பல உருவில் வரும் துணி வகைகளில் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே ஒவ்வொரு உருவுக்கும் தனி வரி போடலாமா, எல்லாவற்றையும் ஒரே வரியில் சேர்க்கலாமா என்பதை அந்த வகையில் புழங்கியவர்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.