சேர்க்கை விளக்க ஸ்லைடுகள்: பிடிஎஃப் அனுப்பலாமா, இணைப்பு கொடுக்கலாமா?

எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர விரும்பும் பெற்றோருக்கான விளக்க ஸ்லைடுகளைத் தயாரிக்கும் வேலை மூன்று வருடமாக என் தலையில்தான். முதல் இரண்டு வருடம் பவர்பாயின்ட்டில் செய்து, பிடிஎஃப் ஆக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். போன வருடம் கூகுள் ஸ்லைட்ஸுக்கு மாறி, இணைப்பை மட்டும் கொடுத்தேன். இனி பிடிஎஃப் பக்கம் திரும்புவதாக இல்லை. ஒருதலைப்பட்சமான அலசல் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அழகைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வகுப்பறை, ஆய்வகம், மைதானம், கழிப்பறை எல்லாவற்றுக்கும் நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் இருந்தால் எதில் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். எழுத்தின் அளவும் அப்படியே. பவர்பாயின்ட்டின் அகல ஸ்லைடு 33.87 செ.மீ. அதைச் சுமார் 7 செ.மீ அகலமுள்ள போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். 20 புள்ளி எழுத்து 4 புள்ளியாகிவிடும். ஸ்லைடை நெட்டுவாக்கில் அமைத்தால் தீர்ந்தது. இதையும் இரண்டிலுமே செய்யலாம்.

பவர்பாயின்ட் ஒரு விஷயத்தில் நிச்சயமாக முந்துகிறது. அரங்கத்தில் பெற்றோரை உட்காரவைத்துத் திரையில் காட்டும்போது நெட் போனாலும் கவலையில்லை. கேன்வாவையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன், ஒரே ஒரு அழைப்பிதழுக்கு. அதை வைத்து அதற்கு மதிப்பெண் போட மாட்டேன்.

என்னை மாற வைத்தது பராமரிப்பு. சேர்க்கைப் பருவத்தில் ஸ்லைடுகளை ஒருமுறை செய்து முடித்தோம் என்பதே கிடையாது. கட்டணம் நிர்வாகக் குழுவில் திருத்தப்படும், நேர்முகத் தேதி நகரும், வேன் வழித்தடம் மாறும்.

இரண்டாம் வருடம் நேர்முகத்தை 22-ஆம் தேதியிலிருந்து 18-க்கு முன்னால் கொண்டுவந்தோம். திருத்திய பிடிஎஃப்பை அன்றே எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினேன். ஆனால் பழைய கோப்பு அதற்குள் மாமா, சித்தி, பக்கத்து வீடு என்று பத்துக் கை மாறியிருந்தது. 22-ஆம் தேதி காலை ஒரு குடும்பம் குழந்தைக்குப் புதுச்சட்டை போட்டு அழைத்து வந்துவிட்டது. “இதப் பாத்துட்டுத்தான மேடம் வந்திருக்கோம்” என்று அந்த அப்பா போனை நீட்டினார். அதில் இருந்தது நான் செய்த பிடிஎஃப்தான், எங்கள் பள்ளியின் முத்திரையோடு. அவர் மேல் என்ன தப்பு? அனுப்பிய பிடிஎஃப்பைத் திரும்ப வாங்க முடியாது.

அதே கோப்பில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. கட்டணப் பக்கத்தில் விண்ணப்பக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம், முதல் பருவக் கட்டணம், கீழே ‘சேர்க்கை அன்று கட்ட வேண்டிய மொத்தம்’ என்று நான்கு வரிகள். பெற்றோர் முதலில் பார்ப்பது அந்தக் கடைசி வரியைத்தான். பவர்பாயின்ட் அட்டவணை தானாகக் கூட்டாது. பருவக் கட்டணத்தைத் திருத்திய நான் மொத்தத்தைத் திருத்த மறந்தேன். மொத்தத்தைப் பார்த்துப் பணம் கொண்டுவந்தவர்களுக்குக் கவுன்ட்டரில் குறைந்தது. எக்செல்லை இணைத்திருக்கலாமே என்பீர்கள். இணைத்தும் பார்த்தேன்; எக்செல் கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தியதும் இணைப்பு அறுந்துவிட்டது.

போன வருடம் இப்படி மாற்றினேன். கட்டணமும் தேதியும் ஒரு கூகுள் ஷீட்டில் மட்டும் இருக்கும். மொத்த வரியில் எண்ணுக்குப் பதில் சூத்திரம்:

```
=SUM(B2:B4)
```

அந்த அட்டவணையை நகலெடுத்து ஸ்லைடில் ஒட்டும்போது Link to spreadsheet என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு File > Share > Publish to web வழியாக வெளியிட்டு, அங்கே கிடைக்கும் இணைப்பைத்தான் பெற்றோருக்குக் கொடுத்தேன். துண்டறிக்கையில் அச்சிட்ட க்யூஆர் குறியீட்டிலும் அதே இணைப்பு. ஸ்லைடில் செய்யும் திருத்தம் சில நிமிடங்களில் அந்த இணைப்பில் வந்துவிடும். அந்தப் பருவத்திலும் ஒரு தேதி நகர்ந்தது. ஒரே ஒரு செல்லை மாற்றினேன், குறியீட்டை மறுபடி அச்சடிக்க வேண்டியிருக்கவில்லை.

இதில் ஒரு சங்கதி. ஷீட்டில் மாற்றிய எண் ஸ்லைடுக்குத் தானாக வராது. ஸ்லைடைத் திறந்து, அட்டவணை மேல் தெரியும் Update பொத்தானை அழுத்த வேண்டும். பல அட்டவணைகள் இருந்தால் Tools > Linked objects-இல் மொத்தமாக அழுத்தலாம். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு யோசித்தால் இதுதான் பூட்டு. கணக்காளர் ஷீட்டில் எண்களைப் போட்டும் அழித்தும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பாதி வேலை பெற்றோர் கண்ணில் படாது. முதல்வர் சரி என்ற பிறகு நான் அழுத்துவேன். ஸ்லைடிலேயே நேரடியாகத் தட்டும் எழுத்துக்கு இந்தப் பூட்டு கிடையாது. அதனால் பெரிய திருத்தத்தைத் தனி நகலில் எழுதிப் பார்த்து, முடிந்ததும் கொண்டுவந்து ஒட்டுகிறேன்.

சறுக்கியதும் உண்டு. அட்டவணையின் அடியில் ‘வேன் கட்டணம்’ என்று புது வரி சேர்த்தோம். ஷீட்டில் இருக்கிறது, ஸ்லைடில் இல்லை. முதலில் இணைத்த எல்லைக்கு வெளியே அந்த வரி போய்விட்டது. Change range கொடுத்து எல்லையை நீட்டிய பிறகுதான் வந்தது. இப்போது Update அழுத்தியதும் ஸ்லைடின் கடைசி வரியும் ஷீட்டின் கடைசி வரியும் ஒன்றுதானா என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

பள்ளிக் கணக்கிலிருந்து வெளியிடும்போது, பள்ளிக்குள் இருப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி அமைப்பு இருக்கலாம். நமக்குத் திறக்கும், பெற்றோருக்கு உள்நுழையச் சொல்லும். இணைப்பை அனுப்பும் முன் மறைநிலை ஜன்னலில் ஒருமுறை திறந்தால் தெரிந்துவிடும். அதற்காக ஆசிரியரின் சொந்தக் கணக்கில் செய்துவிடாதீர்கள். அவர் வேலையை விட்டுப் போய்க் கணக்கை மூடினால் கோப்பும் போகும், துண்டறிக்கையில் அச்சிட்ட குறியீடும் செத்துப்போகும்.

“எனக்கு ஃபைலாகவே வேண்டும்” என்பவர்கள் எப்போதும் இருப்பார்கள், தாத்தா பாட்டிக்கு அச்செடுத்துக் காட்ட. அவர்களுக்கும் பிடிஎஃப் கொடுக்கிறேன், ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இது இன்ன தேதியின் நிலவரம்’ என்ற வரியோடு. நேர்முகத் தேதியும் தேதிப் பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். மற்ற பக்கங்களில் ‘தேதிப் பக்கம் காண்க’ என்றுதான் எழுதுகிறேன். முன்பு அட்டை, விண்ணப்ப முறை, கட்டணம், தேதிகள் என நான்கு இடத்தில் ஒரே தேதியை எழுதிவைத்து, மூன்றை மட்டும் திருத்திய புண்ணியவதி நான்தான்.

பவர்பாயின்ட்டை விட மனமில்லாதவர்களுக்கு ஒரு நடுவழி இருக்கிறது. பிடிஎஃப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி, அதன் இணைப்பை மட்டும் பகிருங்கள். திருத்தம் வந்தால் புதுக் கோப்பாக ஏற்றாமல், அதே கோப்பின் Manage versions வழியாகப் புதுப் பதிப்பை ஏற்றினால் இணைப்பு மாறாது. மொத்தத்தைக் கையால் கூட்டும் தொல்லை அப்படியேதான் இருக்கும், ஆனால் 22-ஆம் தேதி வந்த அந்தக் குடும்பம் அந்த இணைப்பைத் திறந்திருந்தால் 18 என்றுதான் பார்த்திருக்கும்.