கைசெனா, வெறும் மேம்பாடா?

டர்பனில் கார் உதிரிபாக ஆலைக்குப் போகும் நம் பிள்ளைகள் கேட்கிறார்கள்: "மேம்பாடுன்னு சொன்னா போதாதா, எதுக்குக் கைசென்?" ஜப்பானியரின் அன்றாடப் பேச்சில் இரண்டும் ஒன்றுதான், 'கை' மாற்றம், 'சென்' நல்லது. ஆலைக்குள்தான் பொருள் இறுகிவிட்டது: வேலை செய்பவர்களே செய்து, நிலைக்க வைக்கும் சிறு சிறு திருத்தம்.

நான் வேலை பார்த்த இருக்கைப் பிரிவில் போல்ட் பெட்டி முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஒவ்வொரு இருக்கைக்கும் திரும்பி எடுக்க 6 வினாடி. ஷிப்டுக்கு 400 இருக்கை என்றால் 40 நிமிடம் வீண்.

செலவு: மேம்பாடு என்றால் மேலாளர் புது இயந்திரத்துக்கு விலை கேட்பார். கைசெனில் நாங்களே பழைய குழாயில் சரிவுத் தட்டு செய்து கைக்கெட்டும் இடத்தில் வைத்தோம்.

நிலைப்பு: இதில்தான் உண்மையான வேறுபாடு. தட்டு வைத்ததோடு நின்றால் அது மேம்பாடு மட்டுமே; இரவு ஷிப்டு பெட்டியைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும். எங்களுக்கும் அப்படித்தான் ஆனது. பிறகு வேலைமுறைத் தாளைத் திருத்தி ஒட்டினோம், இரண்டு ஷிப்டுக்கும் பழக்கினோம். அந்தத் தாள்தான் அடுத்த திருத்தத்துக்குத் தொடக்கம்.

அன்றாட வீண் அசைவுக்குக் கைசென். தேய்ந்துபோன இயந்திரத்துக்குப் புதியது வாங்குங்கள். அதைக் கைசென் காப்பாற்றாது.