சூரத் சிட்டையைத் தமிழில் மாற்றி எழுதி ஏமாற்றிய தரகர்: ஜவுளிக் கடைக்காரர்கள் கவனத்திற்கு

சூரத்திலிருந்து தரகர் வழியாக மொத்த விலைக்குச் சேலை எடுக்கும் சிறு கடைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். சூரத் வியாபாரி குஜராத்தியில் எழுதி அனுப்பிய ஆறு வரிச் சிட்டையை ஒரு தரகர் தமிழில் ஆர்டர் படிவமாக மாற்றித் தந்தார். அந்த மாற்றத்துக்குள்ளேயே எங்கள் பணத்தை அவர் எடுத்துக்கொண்டார். தரகரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. விவகாரம் வழக்கறிஞர் கையில் இருக்கிறது. ஆனால் அவர் செய்ததை ஒவ்வொரு வரியாக விளக்கிவிடுகிறேன், ஏனெனில் இதே முறையில் தமிழ்ப் படிவம் பெற்றுக் கையெழுத்திட்ட கடைகள் எங்கள் மாவட்டத்திலேயே வேறு சில இருக்கின்றன.

எங்கள் கடை திண்டுக்கல்லில் இருக்கிறது. ஜார்ஜெட் பிரிண்ட் சேலைகளுக்காகச் சூரத்தில் ரிங் ரோடு பக்கம் உள்ள ஒரு மொத்தக் கடையுடன் பேச்சு நடந்தது. சென்னையிலிருந்து செயல்படும் தரகர் ஒருவர் இடையில் இருந்தார். விலை படிந்ததும் சூரத்காரர் தம் வழக்கப்படி ஒரு தாளில் நிபந்தனைகளைக் கையால் எழுதித் தரகருக்கு அனுப்பினார். தரகர் எங்களுக்குக் கொடுத்தது தமிழில் தட்டச்சு செய்த படிவத்தை மட்டுமே. மூலச் சிட்டை எங்கள் கைக்கு வந்தது பணம் முழுவதும் கட்டி முடித்த பிறகு, அதுவும் சூரத் கடையிடமே நேரடியாகக் கேட்டதால்தான்.

அந்தச் சிட்டையின் வாசகத்தைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்: "நங் 480, பாவ் 340. தே பைக்கீ 120 நங் ஜாங்கட், திவஸ் 15. வடாவ் 5 டகா, முதத் திவஸ் 30. பச்சீ வியாஜ் 1॥ டகா. தலாலீ அமாரே மாதே. பூ.சூ.லே.தே."

முதல் வரியில் சிக்கல் இல்லை. நங் என்பது உருப்படி, பாவ் என்பது விலை. சேலை ஒன்று 340 ரூபாய் வீதம் 480 சேலைக்கு ஜிஎஸ்டி நீங்கலாக 1,63,200 ரூபாய். தரகரின் படிவத்திலும் இதே தொகைதான் இருந்தது. முதல் வரி சரியாக இருந்ததால் மற்ற வரிகளையும் யாரும் சந்தேகிக்கவில்லை.

இரண்டாவது வரியில்தான் பெரிய இழப்பு நேர்ந்தது. "தே பைக்கீ" என்றால் அவற்றுள் என்று பொருள். 480இல் 120 சேலைகள் ஜாங்கட் முறையில், 15 நாள் தவணைக்கு வருகின்றன என்பது அந்த வரி. ஜாங்கட் என்பது சூரத்தின் வைர வியாபாரத்திலும் ஜவுளி வியாபாரத்திலும் அன்றாடம் புழங்கும் முறை. சரக்கைக் கடைக்காரரிடம் கொடுப்பார்கள், ஆனால் விற்றதாகக் கொள்ள மாட்டார்கள். கடைக்காரர் பார்த்து, பிடித்ததை வைத்துக்கொண்டு, மீதியைக் குறித்த நாளுக்குள் திருப்பலாம். புதிய டிசைன் போகுமா போகாதா என்று தெரியாத நேரத்தில் வாங்குபவருக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு கிடையாது. தரகர் இந்த வரியை முழுமையாக நீக்கிவிட்டு, "480 சேலைகளும் உறுதி விற்பனை, திருப்பி எடுக்கப்படாது" என்று எழுதியிருந்தார்.

இதன் சட்ட விளைவையும் கடைக்காரர்கள் அறிந்திருக்க வேண்டும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, பார்த்துப் பிடித்தால் எடுத்துக்கொள்ளும் முறையில் வந்த சரக்கு எப்போது வாங்குபவருடையதாகிறது என்பதைச் சொல்கிறது. அவர் சம்மதம் தெரிவித்தாலோ, தமக்கு உரியதுபோல் அதைக் கையாண்டாலோ ஆகிவிடும். எதுவும் சொல்லாமல் சரக்கை வைத்துக்கொண்டு குறித்த கெடுவைத் தாண்டினாலும் ஆகிவிடும். கெடு குறிக்கப்படாவிட்டால் நியாயமான காலம் என்று பார்ப்பார்கள். எங்களுக்கு 15 நாள் கெடு இருந்தது என்பதே தெரியாது. ஆகவே அந்த 120 சேலைகளும் எங்கள் வாய் திறக்காமலே எங்களுடையவை ஆகிவிட்டன. 40,800 ரூபாய் மதிப்புள்ள அந்தச் சரக்கில் பெரும்பகுதி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. அந்த நிறங்கள் எங்கள் ஊரில் ஓடவில்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு தடயம் மூட்டையோடே வந்திருந்தது. 360 சேலைகளுக்கு வரி பில் வந்தது. 120 சேலைகளுக்கு பில் இல்லாமல் டெலிவரி சலான் மட்டும் வந்தது. ஒரே லாரியில், ஒரே நாளில், ஒரே கடையிலிருந்து வந்த சரக்குக்கு ஏன் இரண்டு விதமான தாள் என்று கேட்டபோது, பில் புத்தகம் தீர்ந்துவிட்டது என்று தரகர் சொன்னார். உண்மைக் காரணம் வேறு. ஜிஎஸ்டி சட்டத்தின் 31ஆம் பிரிவில் ஏழாவது உட்பிரிவின்படி, ஒப்புதலுக்காக அனுப்பப்படும் சரக்குக்கு அனுப்பும்போதே பில் போட வேண்டியதில்லை. விற்பனை உறுதியாகும் நேரத்திலோ அனுப்பியதிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளோ, எது முந்தியதோ அப்போது போட்டால் போதும். அதுவரை சலானோடுதான் சரக்கு நகரும். எனவே மூட்டையில் சலான் இருந்தால், அந்தச் சரக்கு ஜாங்கட்டா என்று விற்பவரிடமே அன்றைக்கே தொலைபேசியில் கேளுங்கள். எங்களுக்கு 15 நாள் கழிந்ததும் அந்த 120க்கான பில் தனியாக வந்து சேர்ந்தது.

அடுத்த இரண்டு வரிகளைத் தரகர் ஒன்றாகக் குழைத்துவிட்டார். வடாவ் என்பது தள்ளுபடி. முதத் என்பது தவணைக் கெடு. 30 நாளுக்குள் பணம் வந்தால் 5 சதவீதம் கழித்துக்கொள்ளலாம் என்பது மூலத்தின் கருத்து. பச்சீ என்றால் பிறகு, வியாஜ் என்றால் வட்டி. 30 நாள் தாண்டினால் மாதம் ஒன்றரை சதவீத வட்டி என்பது அதற்கடுத்த வரி. தமிழ்ப் படிவத்திலோ "30 நாளுக்குள் முழுத் தொகையும் செலுத்த வேண்டும், தவறினால் 5 சதவீத வட்டி" என்றிருந்தது. எங்களுக்குச் சேர வேண்டிய தள்ளுபடியின் எண்ணை எடுத்து அபராதத்தின் எண்ணாக வைத்துவிட்டார். வடாவ் என்ற சொல் நம் காதுக்கு வட்டி போல ஒலிப்பதால், பின்னால் யாராவது மூலத்தைப் படித்துக் காட்டினாலும் சமாளித்துவிடலாம் என்று எண்ணியிருப்பார்.

ஒன்றரை என்பதை அந்தச் சிட்டையில் எழுதியிருந்த முறையையும் சொல்கிறேன். ஒன்று என்ற எண்ணை எழுதி, அதன் வலப்பக்கம் இரண்டு நெட்டுக் கோடுகள் போட்டிருந்தது. பழைய வணிக எழுத்தில் ஒரு கோடு கால், இரண்டு கோடு அரை, மூன்று கோடு முக்கால். பழக்கமில்லாதவர் கண்ணுக்கு இது நூற்றுப் பதினொன்று போலவோ வெறும் கிறுக்கல் போலவோ தெரியும். மேலும் குஜராத்தி எண்களில் ஒன்று நம் 9 போலவும், நான்கு மேலே திறந்த 8 போலவும் இருப்பதால், எண்களை நாமே ஊகித்துப் படிப்பது ஆபத்து. பேசி முடித்த விலையையும் உருப்படியையும் எழுத்தில் எழுதி அனுப்பச் சொல்லி ஒப்பிட்டுக்கொள்வதே சரி.

அபராதத்துக்கு அஞ்சி, 1,63,200 ரூபாயையும் கெடுவுக்குள் கட்டினோம். பணத்தைத் தம் கணக்கில் போட்டால் தாமே சூரத்துக்குச் செலுத்திவிடுவதாகத் தரகர் சொல்லியிருந்தார், அப்படியே செலுத்தினோம். தரகுக்கூலி என்று 2 சதவீதம், அதாவது 3,264 ரூபாய், தனியாகவும் வாங்கிக்கொண்டார். சிட்டையின் ஐந்தாவது வரி "தலாலீ அமாரே மாதே" என்கிறது. தரகு எங்கள் தலையில், அதாவது விற்பவர் பொறுப்பு என்பது அதன் பொருள். "தமாரே மாதே" என்றிருந்தால்தான் வாங்குபவர் கொடுக்க வேண்டும். தரகர் இருபுறமும் கூலி வாங்கியிருக்கிறார் என்பதைச் சூரத் கடையும் உறுதிசெய்தது.

மோசடி முழுவதும் வெளிப்பட்டது சூரத் கடை அனுப்பிய கணக்குப் பிரதியில்தான். எங்கள் பெயரில் உள்ள காதாவின், அதாவது பேரேட்டுப் பக்கத்தின், நகலை அனுப்பக் கேட்டோம், மறுக்காமல் அனுப்பினார்கள். குஜராத்தி தேசி முறைப் பேரேட்டில் ஜமா இடப்பக்கமும் உதார் வலப்பக்கமும் இருக்கும். வங்கிக் கணக்கு முறையில் படித்த நமக்குப் பற்று இடப்பக்கம் என்று பழகியிருப்பதால், இந்தப் பக்கம் தலைகீழாகத் தெரியும். ஜமா என்பது வரவு. உதார் என்றால் பேச்சில் கடன். பேரேட்டில் அது பற்று, நம்மிடமிருந்து அவர்களுக்கு வர வேண்டியது. வலப்பக்கம் 1,63,200 எழுதியிருந்தது. இடப்பக்கம் ஒரே வரவாக அது இல்லை. ரொக்கமாக 1,55,040, அதன் கீழே வடாவ் 8,160 என்று இரண்டு பதிவுகளாக இருந்தது. நாங்கள் கெடுவுக்குள் கட்டியதால் கிடைத்த 5 சதவீதத் தள்ளுபடியை எங்கள் பெயரிலேயே கழித்துவிட்டு, மீதியைச் செலுத்தி, 8,160 ரூபாயைத் தரகர் வைத்துக்கொண்டிருக்கிறார். தரகுக்கூலியையும் சேர்த்தால் 11,424 ரூபாய். ஓடாத சேலைகளில் முடங்கிய தொகை இதற்கு வெளியே.

இந்தப் பிரதியைக் கேட்டு வாங்குவது கடினமில்லை. தரகர் வழியாகப் பணம் கட்டியிருக்கும் எவரும் "வடாவ்" என்ற பதிவு தம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து, அந்தத் தொகை உண்மையில் தமக்குக் குறைக்கப்பட்டதா என்று தம் பணச் சீட்டோடு ஒப்பிட்டாலே விஷயம் தெரிந்துவிடும். எனக்கு ஆத்திரமூட்டுவது தொகையைவிட, இரண்டு நேர்மையான கடைகளுக்கிடையே ஒரே மொழிபெயர்ப்புத் தாளை வைத்து இதை இவ்வளவு எளிதாகச் செய்ய முடிந்தது என்பதுதான்.

கடைசி வரியில் உள்ள நான்கு எழுத்துகள் எங்களுக்குக் கொஞ்சம் உதவின. பூல்சூக் லேவீதேவீ என்பதன் சுருக்கம் அது. கணக்கில் தவறு இருந்தால் கொடுப்பதும் எடுப்பதும் உண்டு என்று இரு தரப்பையும் கட்டும் வழக்கு வாசகம். தரகர் அதை "தவறுகளுக்கு விற்பவர் பொறுப்பல்ல" என்று மாற்றியிருந்தார். மூல வாசகத்தைச் சுட்டிக்காட்டி எழுதியதும், கெடு கடந்ததால் பணம் திருப்ப இயலாது என்றாலும், பிரிக்காத 60 சேலைகளை வேறு டிசைனுக்கு மாற்றித் தரச் சூரத் கடை ஒப்புக்கொண்டது. அவர்கள் மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை.

தரகருக்கு அறிவிப்பு அனுப்பியிருக்கிறோம், பதில் இல்லை. சென்ற மாதம்கூட மதுரைப் பக்கம் ஒரு கடைக்கு இதே அச்சுப் படிவத்தைக் கொடுத்திருக்கிறார். அதிலும் "30 நாள் தவறினால் 5 சதவீத வட்டி" என்ற வரி இருக்கிறது. அந்தக் கடைக்காரர் சூரத்திலிருந்து மூலச் சிட்டையின் படத்தை வரவழைத்திருக்கிறார். பணத்தை இனி நேரே விற்பவர் வங்கிக் கணக்கில், 5 சதவீதம் கழித்துத்தான் செலுத்தப்போகிறார்.