பிரீமியத்தை மட்டும் பார்த்து ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்காதீர்கள்: எனக்கு 1,14,800 ரூபாய் போய்விட்டது

முந்தாநாள்தான் அப்பாவை மருத்துவமனையிலிருந்து கூட்டி வந்தோம். பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை, ஐந்து நாள் படுக்கை. அப்பா நன்றாக இருக்கிறார். ஆனால் பில் 2,50,000 ரூபாய், இன்சூரன்ஸ் கம்பெனி ஒத்துக்கொண்டது 1,35,200 ரூபாய். மீதி 1,14,800 ரூபாயை அக்காவும் நானும் இரவோடு இரவாகப் புரட்டிக் கட்டினோம். 5 லட்சம் கவர் உள்ள பாலிசி. மூன்றாவது வருடமாகப் பிரீமியம் ஒரு நாள் தவறியதில்லை. பிறகு ஏன் பாதிப் பணம் வரவில்லை என்று இரண்டு நாளாக உட்கார்ந்து படித்ததை இங்கே எழுதுகிறேன்.

பாலிசியை எடுத்தது பல கம்பெனிகளின் பிரீமியத்தை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு இணையதளத்தில். அப்பாவுக்கு அப்போது 62 வயது. 5 லட்சம் கவர் என்று போட்டதும் குறைந்த பிரீமியத்திலிருந்து வரிசையாகக் காட்டியது. ஒன்று வருடத்துக்கு 19,000 ரூபாய், இன்னொன்று 27,500 ரூபாய். இரண்டிலும் பெரிய எழுத்தில் அதே 5 லட்சம். 8,500 ரூபாய் வித்தியாசம் எதற்கு என்று அங்கிருந்து அழைத்த ஆலோசகரிடம் கேட்டேன். "அந்தக் கம்பெனி பேருக்காக வாங்குறாங்க மேடம், கவர் ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

அவரை நம்பினேன். நம்பியதற்குக் காரணம் இருந்தது. காத்திருப்புக் காலத்தைப் பற்றி அவர் பொறுமையாக, உண்மையாகச் சொன்னார். விபத்து தவிர முதல் 30 நாளுக்கு எதுவும் கிடைக்காது, பித்தப்பைக் கல், குடலிறக்கம், கண்புரை மாதிரி சிலவற்றுக்கு இரண்டு வருடம் போக வேண்டும், அப்பாவின் சர்க்கரை நோய்க்கு மூன்று வருடம் என்றார். சர்க்கரையை மறைக்காமல் விண்ணப்பத்தில் எழுதச் சொன்னதும் அவர்தான். இவ்வளவு நேர்மையாகப் பேசுகிறவர் வேறு எதையும் மறைக்க மாட்டார் என்று நினைத்தேன். "வேற கண்டிஷன் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். "பெருசா ஒண்ணுமில்ல மேடம், ரூம் ரென்ட் லிமிட் எல்லாம் நார்மல்தான்" என்றார். அந்த "நார்மல்தான்" என்ற ஒரு சொல்லுக்குத்தான் இப்போது 1,14,800 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

அந்த நார்மல் என்ன என்று இப்போது தெரியும். அறை வாடகை ஒரு நாளைக்குக் கவர் தொகையில் 1 சதவீதம் வரைதான். 5 லட்சத்துக்கு 5,000 ரூபாய். அட்மிஷன் அன்று தனி அறை கேட்டோம், 8,000 ரூபாய் என்றார்கள். கூடுதலாக நாளைக்கு 3,000, ஐந்து நாளைக்கு 15,000 ரூபாய், கட்டிக்கொள்ளலாம் என்று மனக்கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு தப்பு. வரம்பைத் தாண்டிய அறை எடுத்தால் வாடகையோடு நிற்காது. அறையின் தரத்தை ஒட்டி ஏறுகிற மற்ற கட்டணங்களையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். 8,000 ரூபாய் அறைக்கு 5,000 ரூபாய் தகுதி என்றால் எட்டில் ஐந்து பங்குதான் தருவார்கள்.

எங்கள் பில்லில் சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,60,000 ரூபாய். அதில் 1,00,000 மட்டும் ஒத்துக்கொண்டார்கள். அந்த இடத்திலேயே 60,000 ரூபாய் போனது. மருந்து, பரிசோதனைகளுக்கான 44,000 ரூபாயில் கை வைக்கவில்லை, அவற்றை விகிதத்தில் வெட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. கையுறை, சிரிஞ்சு வகையறா 6,000 ரூபாய் முழுவதும் எங்கள் தலையில்.

இதற்கு மேல் கோ-பேமென்ட். 60 வயதுக்கு மேல் பாலிசியில் சேர்ந்தவர் ஒவ்வொரு கிளெய்மிலும் 20 சதவீதம் தானே போட வேண்டும் என்று ஒரு வரி. வெட்டியது போக நின்ற 1,69,000 ரூபாயில் 33,800 ரூபாய் அப்படிக் கழிந்தது. வாடகையில் 15,000, சிகிச்சைக் கட்டணத்தில் 60,000, சில்லறைப் பொருள்களில் 6,000, கோ-பேமென்ட்டில் 33,800. கூட்டினால் 1,14,800.

அந்த 27,500 ரூபாய் பாலிசியை நேற்று மறுபடி திறந்து படித்தேன். ரூபாய் வரம்பு இல்லாமல் தனி அறை, கோ-பேமென்ட் கிடையாது. அதை எடுத்திருந்தால் அந்த 6,000 ரூபாய் மாதிரி ஏதோதான் கையை விட்டுப் போயிருக்கும். மூன்று வருடத்தில் பிரீமியத்தில் மிச்சம் பிடித்தது 25,500 ரூபாய். வயிறு எரிகிறது.

பில் கைக்கு வந்ததும் மருத்துவமனை இன்சூரன்ஸ் கவுன்டரில் கேட்டேன். "ரூம் எலிஜிபிலிட்டி பாக்காமலா அட்மிட் பண்ணீங்கம்மா?" என்றார்கள். இருவர் தங்கும் அறை 4,800 ரூபாய்க்கு அன்றைக்கே காலியாக இருந்ததாம். அதை அட்மிஷன் போடும்போது சொன்னால் என்ன? இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அழைத்தால், நிபந்தனைகள் பாலிசி ஆவணத்தில் இருக்கின்றன, நீங்கள்தான் படித்து ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்றார்கள். இணையதளத்தில் கேட்டால் அந்த ஆலோசகர் இப்போது வேலையில் இல்லையாம். விற்கும்போது பேசிய அழைப்பின் பதிவைக் கேட்டேன். "அவ்வளவு பழசு எங்ககிட்ட இருக்காது மேடம்." பாலிசி எடுக்கும்வரை ஒரு நாளைக்கு நான்கு முறை அழைத்தவர்கள் இவர்கள்.

ஒப்பிடும் முறையை விரிவாக எழுத வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது முடியவில்லை, அவசரத்துக்கு இவ்வளவு.

பிரீமியத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பாலிசியோடு வரும் வாடிக்கையாளர் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். காத்திருப்புக் காலம், அறை வாடகை வரம்பு, கோ-பேமென்ட் எல்லாம் அதில் சில பக்கத்துக்குள் இருக்கும். வாடகை 1 சதவீதம் என்று இருந்தால், உங்கள் ஊர் மருத்துவமனைக்குப் போன் போட்டு அறை வாடகையை விசாரித்த பிறகு முடிவு செய்யுங்கள். பாலிசி ஆவணம் வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். அந்த நாள்களில் படித்துவிடுங்கள், நான் அதை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஏற்கெனவே வரம்புள்ள பாலிசிதான் இருக்கிறதா? அட்மிஷன் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் தகுதிக்குள் வரும் அறையைக் கேளுங்கள். அறையைப் பொறுத்து சர்ஜன் கட்டணம் மாறுமா என்றும் கேளுங்கள். மாறாத மருத்துவமனையில் விகித வெட்டு போடக் கூடாது. எங்கள் மருத்துவமனையில் மாறும், அதனால் அந்த வாதமும் எனக்கு உதவவில்லை.

கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு நேற்று இரவு எழுதியிருக்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. வாடகை வரம்பைப் பற்றி அந்த ஆலோசகர் சொன்ன பதில் எழுத்தில் எங்கும் இல்லை. நீங்கள் கேட்பதை மின்னஞ்சலில் கேளுங்கள்.