பழைய தவலையும் புதுத் தவலையும்

வேலூர்ப் பாத்திரக் கடையில் ஒரே அளவுள்ள இரண்டு செப்புத் தவலைகள் அருகருகே இருந்தால், எது பழையது என்றறிய முதலில் தகட்டு விளிம்புகள் சேரும் பொருத்தைத்தான் பார்க்க வேண்டும். பழைய கைவேலையில் தகட்டின் விளிம்பைப் பற்களாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, பித்தளைப் பற்று வைத்து உருக்கி அடித்திருப்பார்கள். அதனால் செம்பின் நடுவே மஞ்சள் நிறப் பல்வரிசை தெரியும். புதியதில் பெரும்பாலும் பொருத்தே இராது, அல்லது வெல்டிங் செய்த நேர்கோடு இருக்கும். கடைசல் இயந்திரத்தில் உருவானதென்றால் உட்புறத்தில் நெருக்கமான வட்டக் கோடுகள் ஓடும். வெளியே பழமைக்காக அடித்த சுத்தியல் தடங்கள் அவற்றை முழுதாக அழிப்பதில்லை.

எடை துணைச் சான்று மட்டுமே. பழையது பொதுவாகக் கனமானது. ஆயினும் வாய், கழுத்து, அடி என இடத்துக்கு இடம் தடிப்பு மாறுவதையே நான் நம்புவேன்.

ஈயப்பூச்சு வயதைச் சொல்லாது. நவச்சாரம் தூவி, பழைய தவலைக்கும் நேற்று பூசியிருக்கலாம்.